நகை, காயின், கோல்டு இ.டி.எஃப்., தங்கப் பத்திரம்: ராமேஸ்வரம் கடற்கரைக்கு எது கைகொடுக்கும்? ஒரு சவரன் கணக்கு

ஏப்ரல் 15 வந்தால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைமுகங்களில் விசைப்படகுகள் கரையேறிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாததால் வருமானம் இல்லை. ஆனால் படகுக்குப் பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, இன்ஜின் வேலை பார்ப்பது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஜூன் மாதம்தான் கதவைத் தட்டும்.

தமிழக அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 5,000 ரூபாயாக இருந்த தொகையை உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வெளியானது. அது போதாத வீடுகளில் அடுத்து திறப்பது பீரோதான். செயினோ, வளையலோ அடகுக்குப் போகும். கடலுக்குப் போய் நல்ல பாடு கிடைத்ததும் திரும்ப வரும்.

இந்த நேரத்தில்தான் செல்போனில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. "நகை வாங்குறது வேஸ்ட், சேதாரத்துலயே பணம் போயிடும், கோல்டு இ.டி.எஃப். வாங்குங்க" என்று. இது பாதி உண்மை. மீதிப் பாதி என்ன? ஒரு சவரனை வைத்தே கணக்குப் பார்க்கலாம்.

முதலில் நான்கும் என்ன?

நகையும் காயினும் எல்லோருக்கும் தெரிந்தது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய தங்கம்.

கோல்டு இ.டி.எஃப். என்பது பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் யூனிட். நீங்கள் கட்டும் பணத்துக்கு ஃபண்ட் நிறுவனம் சுத்தத் தங்கக் கட்டிகளை வாங்கிப் பாதுகாப்பகத்தில் வைக்கும். உங்கள் டீமேட் கணக்கில் யூனிட் மட்டும் ஏறும். பல இ.டி.எஃப்.களில் ஒரு யூனிட் என்பது சுமார் 0.01 கிராம் தங்கத்துக்குச் சமம் என்பதால், சில நூறு ரூபாயிலும் தொடங்க முடியும். இதைக் கண்காணிப்பது செபி.

தங்கப் பத்திரம் என்பது மத்திய அரசுக்காக ரிசர்வ் வங்கி வெளியிட்டது. கிராம் கணக்கில் பணம் கட்டினால், 8 ஆண்டு கழித்து அன்றைய தங்க விலையைத் தருவார்கள். கூடவே கட்டிய தொகைக்கு ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டி.

ஆப்களில் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் 'டிஜிட்டல் கோல்டு' இந்தப் பட்டியலில் சேராது. அது தன் கண்காணிப்புக்குள் வராத பொருள் என்று 2025 நவம்பரில் செபியே எச்சரித்திருக்கிறது.

வாங்கும்போது எவ்வளவு கழிகிறது?

கணக்கு எளிதாக இருக்க, 22 கேரட் தங்கம் ஒரு சவரன் (8 கிராம்) 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

நகை: சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 12 சதவீதம் என்றால் 12,000 ரூபாய். மொத்தம் 1,12,000. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 3,360 ரூபாய். ஆக, பில் 1,15,360 ரூபாய்.

காயின்: 2 சதவீதம் செய்கூலி என்றால் 1,02,000. ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,05,060 ரூபாய்.

இ.டி.எஃப்.: 1 லட்சத்துக்கான யூனிட்டை வாங்க தரகுக் கட்டணம், சிறு சந்தைக் கட்டணங்கள் மட்டும். சேதாரமும் இல்லை, தங்கத்தின் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம்? நகையை வாங்கிய அன்றே விற்கப் போனால் 15,360 ரூபாய் காணாமல் போயிருக்கும். பழைய நகையை வாங்கும் கடை 2 சதவீதம் கழித்தால், சவரன் விலை சுமார் 1,17,700 ரூபாயைத் தொட்ட பிறகுதான் போட்ட பணம் கைக்கு வரும். அதாவது விலை கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறும் வரை லாபம் என்ற பேச்சே இல்லை. கல் வைத்த நகை என்றால் இன்னும் மோசம். வாங்கும்போது கல்லுக்கும் காசு வாங்குவார்கள். விற்கும்போது கல் எடையைக் கழித்துவிடுவார்கள்.

எனவே 'முதலீடு' என்று மட்டும் பார்த்தால் நகை தோற்றுவிடுகிறது. இதில் சந்தேகமே இல்லை.

அப்போ இ.டி.எஃப்.க்கு செலவே இல்லையா?

இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. தங்கத்தைப் பாதுகாக்கவும் ஃபண்டை நடத்தவும் ஆண்டுதோறும் ஒரு கட்டணம் யூனிட் மதிப்பிலிருந்தே கழியும். ஆண்டுக்கு 0.6 சதவீதம் என்று வைத்தால் முதல் ஆண்டு 1 லட்சத்துக்கு 600 ரூபாய். எட்டு ஆண்டு வைத்திருந்தால் மொத்தம் 4.7 சதவீதம் அளவுக்குக் கழிந்திருக்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது. காயினுக்கு முதல் நாளே போகும் செலவு 5,060 ரூபாய். ஒரு லட்சத்தில் அது 5 சதவீதம். இ.டி.எஃப்.க்கு எட்டு ஆண்டில் போவதும் கிட்டத்தட்ட அதே அளவு. ஓரிரு ஆண்டுக்கு என்றால் இ.டி.எஃப். தெளிவாக மலிவு. எட்டு, பத்து ஆண்டுக்கு என்றால் குறைந்த செய்கூலியில் வாங்கிய காயினும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் காயினுக்கு லாக்கர் வாடகையோ திருட்டு பயமோ உண்டு. இன்னொன்று, வங்கியில் வாங்கிய காயினை அந்த வங்கியே திரும்ப வாங்காது. ரிசர்வ் வங்கி விதி அதை அனுமதிப்பதில்லை. விற்க வேண்டுமானால் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

அடகு வைக்க முடியுமா? இதுதான் முக்கியமான கேள்வி

ராமநாதபுரம் கடற்கரையில் பல வீடுகளுக்குத் தங்கம் என்பது விற்று லாபம் பார்க்கும் பொருள் இல்லை. 'வச்சா பணம்' தரும் பொருள். அந்தக் கோணத்தில் பார்த்தால் கணக்கு அப்படியே மாறுகிறது.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி தங்க நகைக்கடனுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இவற்றுக்கு மாறியாக வேண்டும் என்பது கெடு. அதில் எதற்குக் கடன் தரலாம், எதற்குத் தரக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது.

நகைக்குக் கடன் உண்டு. ஒருவருக்கு மொத்தம் 1 கிலோ வரை. தங்கக் காயினுக்கும் உண்டு, ஆனால் ஒருவருக்கு மொத்தம் 50 கிராம் வரை மட்டுமே. தங்கக் கட்டிக்குக் கடன் கிடையாது. கோல்டு இ.டி.எஃப். யூனிட்டுக்கும், தங்க மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுக்கும் கடன் தரவே கூடாது.

அதாவது, டீமேட்டில் பத்து சவரன் மதிப்புக்கு இ.டி.எஃப். இருந்தாலும், தடைக்காலத்தில் அதைக் காட்டி வங்கியில் நகைக்கடன் கேட்க முடியாது. விற்க மட்டுமே முடியும். 'இ.டி.எஃப். வாங்குங்க' வீடியோக்களில் பெரும்பாலும் விடுபடும் வரி இதுதான்.

ஒரு சவரனுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?

மொத்தக் கடன் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தங்கத்தின் மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் என்றால் 75 சதவீதம்.

மதிப்பு என்பது அன்று காலை கடையில் எழுதிப் போட்ட விலை இல்லை. கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான். கல், அரக்கு எடை சேராது. சேதாரத்துக்குக் கொடுத்த 12,000 ரூபாயும் மதிப்பில் வராது.

ஒரு சவரன் 1 லட்சம் என்றால் உச்சவரம்பு 85,000 ரூபாய். ஆனால் அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், வட்டியும் இந்த 85,000-க்குள் அடங்க வேண்டும். ஓராண்டு, 9 சதவீத வட்டி என்றால் கைக்கு வருவது சுமார் 78,000 ரூபாய்தான். "85 சதவீதம்னு சொன்னாங்க, குறைச்சுத் தர்றாங்களே" என்று கவுன்ட்டரில் எழும் சந்தேகத்துக்குக் காரணம் இதுதான்.

50,000 ரூபாய் தேவை: நான்கு வழி

தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகுத் தொழிலாளி குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் 50,000 ரூபாய் வேண்டும். நான்கு மாதம் கழித்து, செப்டம்பரில் திருப்பிவிட முடியும்.

வங்கி நகைக்கடன்: 9 சதவீத வட்டி என்றால் நான்கு மாதத்துக்கு 1,500 ரூபாய். மதிப்பீட்டுக் கட்டணம் தனி. நகை மதிப்பீட்டாளர் உங்கள் முன்னால்தான் நகையை உரசிப் பார்க்க வேண்டும். 2.5 லட்சத்துக்குள் என்றால் வருமானத்தை விரிவாக ஆராய வேண்டிய கட்டாயமும் வங்கிக்கு இல்லை.

தனியார் அடகுக் கடை: நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் நான்கு மாதத்துக்கு 4,000 ரூபாய். அதே நகை, அதே தொகை, வட்டி மட்டும் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இ.டி.எஃப். விற்பது: வட்டி இல்லை. சந்தை நாளில் விற்றால் அடுத்த வேலை நாளில் தரகுக் கணக்குக்குப் பணம் வரும். அங்கிருந்து வங்கிக்கு மாற்ற வேண்டும். இரண்டு, மூன்று வேலை நாள் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் செப்டம்பரில் திரும்ப வாங்கும்போது தங்கம் 5 சதவீதம் ஏறியிருந்தால் அதே யூனிட்டுகளுக்கு 2,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். விலை இறங்கியிருந்தால் லாபம். அடகு வைத்தால் இந்த ஆட்டமே இல்லை. விலை எப்படிப் போனாலும் நகை உங்களுடையது.

தங்கப் பத்திரம்: ஐந்து ஆண்டு முடிந்த பிறகு, வட்டி தரும் தேதிகளில் மட்டும்தான் முன்கூட்டியே பணமாக்க முடியும். அவசரத்துக்குப் பங்குச்சந்தையில் விற்கலாம் என்றாலும், பல பத்திரங்களுக்கு வாங்க ஆள் குறைவு. பத்திரத்தை அடமானம் வைக்கத் திட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் அதை ஏற்பதா என்பது அந்தந்த வங்கியின் முடிவு.

ஆக, திருப்பிக் கட்ட முடியும் என்ற உறுதி இருந்தால் அவசரத்துக்கு நகையே மலிவான வழி. அந்த உறுதி இல்லை என்றால்?

அடகு எங்கே இடறும்?

ஒரு தடைக்காலத்தில் வைத்த நகை அடுத்த தடைக்காலம் வரை மீட்கப்படவில்லை என்றால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள். வட்டியைக்கூடக் கட்டாமல் பழைய கடனையே புதுக்கடனாக மாற்றும் பழக்கத்துக்குப் புதிய விதியில் இடமில்லை. கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனைப் புதுப்பிக்க, அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும்.

கட்டவில்லை என்றால் ஏலம். அதற்கும் வரம்பு உண்டு. முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். ஏலத்தின் ஆரம்ப விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகவில்லை என்றால் மட்டும் 85 சதவீதம் வரை இறங்கலாம். கடன் போக மிச்சப் பணத்தை ஏலத் தொகை முழுதும் வந்த 7 வேலை நாளுக்குள் உங்களிடம் தர வேண்டும். அதேபோல, கடனை முழுதாகக் கட்டிய பிறகு நகையை அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதம் கடன் கொடுத்தவர் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

ஏலம் வரை போகும் நிலை தெரிந்தால், அதற்கு முன்பே ஒரு பகுதி நகையை நீங்களே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது மேல். வட்டி ஏற ஏற மிச்சம் குறைந்துகொண்டே போகும்.

தங்கப் பத்திரம் இனி கிடைக்குமா?

புதிதாகக் கிடைக்காது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிய பத்திரம் எதையும் வெளியிடவில்லை. காரணம், முதலீட்டாளர்களுக்குக் கிடைத்த லாபம்தான் அரசுக்குச் சுமை. 2015 நவம்பரில் முதல் பத்திரம் கிராம் 2,684 ரூபாய்க்கு வந்தது. 2023 நவம்பர் 30-ல் கிராமுக்கு 6,132 ரூபாய் திருப்பித் தந்தார்கள். 8 கிராமுக்கு 21,472 ரூபாய் கட்டியவருக்கு 49,056 ரூபாயும், அந்த முதல் பத்திரத்துக்கான 2.75 சதவீத வட்டியாக எட்டு ஆண்டில் சுமார் 4,724 ரூபாயும் கிடைத்தது. சேதாரம் இல்லை, முதிர்வு லாபத்துக்கு வரியும் இல்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் முதிர்வு வரை காத்திருப்பதே லாபம். பங்குச்சந்தையில் பழைய பத்திரத்தை இன்னொருவரிடம் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2026 பட்ஜெட் மாற்றத்துக்குப் பிறகு, வெளியீட்டின்போதே நேரடியாக வாங்கி முதிர்வு வரை வைத்திருந்த தனிநபருக்கு மட்டும்தான் அந்த வரி விலக்கு. இடையில் வாங்கியவருக்கு இல்லை.

நகை, காயின் விற்ற லாபத்துக்கு, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீத வரி. இ.டி.எஃப்.க்கு 12 மாதமே போதும். மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த வரி வராது.

பில் இல்லாத தங்கம் வேண்டாம்

'பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. இலங்கையிலிருந்து கடல்வழியாகத் தங்கம் கடத்தப்படும் இந்தக் கடற்கரையில் அதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023-ல் மண்டபம் அருகே 32 கிலோவுக்கும் மேற்பட்ட கடத்தல் தங்கத்தை அதிகாரிகள் பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தங்கத்தை மலிவாக வாங்கினால் தூய்மைக்கும் உத்தரவாதம் இல்லை, வழக்கில் சிக்கும் ஆபத்தும் உண்டு. உரிமையில் சந்தேகம் இருக்கும் தங்கத்துக்கு வங்கி கடனும் தரக் கூடாது. மிச்சம் பிடித்த 3 சதவீதம், அவசரத்துக்கு உதவாத தங்கமாக மாறிவிடும்.

நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். BIS Care ஆப்பில் 'Verify HUID' பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் வகை, தூய்மை, ஹால்மார்க் செய்த மையம் ஆகியவை வரும். நீங்கள் கையில் வைத்திருப்பது வளையல், ஆப் 'மோதிரம்' என்று காட்டினால் வாங்காதீர்கள்.

யாருக்கு எது?

வருடாவருடம் அடகுக்குப் போகும் தங்கம்: சேதாரம் குறைந்த, கல் இல்லாத 22 கேரட் நகை. அல்லது 50 கிராம் வரம்புக்குள் காயின். காயின் வாங்கும் முன், நீங்கள் கடன் வாங்கும் வங்கிக் கிளை எந்தக் காயினை ஏற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு ஆண்டு கழித்து மகள் கல்யாணத்துக்கு என்று சேர்ப்பது: நல்ல பாடு கிடைக்கும் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இ.டி.எஃப். இப்போதே நகை வாங்கினால் இன்றைய டிசைனுக்கு ஒரு சேதாரம், கல்யாணத்தின்போது மாற்றிச் செய்ய இன்னொரு சேதாரம். டீமேட் வேண்டாம் என்பவர்கள் தங்க இ.டி.எஃப்.பில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகக் கட்டலாம்; கட்டணம் சற்று கூடும். எதுவாக இருந்தாலும் நாமினி பெயரைப் பதிவு செய்வது முக்கியம். கடலுக்குப் போகிறவர் பெயரில் மட்டும் கணக்கு இருந்து, வீட்டில் யாருக்கும் அது தெரியாமல் போவதுதான் காகிதத் தங்கத்தின் பெரிய ஆபத்து.

போட்டுக்கொள்ள வேண்டிய தங்கம்: நகை. அதற்குக் கொடுக்கும் சேதாரத்தை முதலீட்டுக் கணக்கில் சேர்க்காமல், அழகுக்கான செலவு என்று எழுதிவிடுவதுதான் சரியான கணக்கு.

கடைக்குப் போகும் முன் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தங்கம் அடுத்த ஏப்ரலில் அடகுக்குப் போகுமா, போகாதா? போகும் என்றால் கையில் இருக்கட்டும். போகாது என்றால் சேதாரம் கொடுக்கத் தேவையில்லை.